குறிப்பேட்டிலிருந்து அறிக்கைக்கு

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளிக் களப்பயிற்சிக்கு உரியவை. அந்நாள்களில் பயிற்சி ஆசிரியரின் வகுப்பைப் பார்வையிடும் வழிகாட்டி ஆசிரியர் எழுதித் தரும் அறிக்கை பெரும்பாலும் இரண்டே வரிதான்: 'குரல் வளம் நன்று, வகுப்பில் இன்னும் ஈடுபாடு தேவை.' இதைப் படிப்பவர் மறுநாள் எதை மாற்றிக்கொள்வார்?

குறை பெரும்பாலும் குறிப்பேட்டிலேயே தொடங்குகிறது. 'வகுப்பு மந்தம்' என்பது தீர்ப்பு, நிகழ்வு அன்று. புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் நடப்பதாகக் கொள்வோம். குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: '10.05: மஞ்சள் தாளில் சோப்பு நீர், தாள் சிவந்தது, பின்வரிசையினர் எழுந்து பார்த்தனர். 10.12 முதல் 10.30 வரை 12 வினாக்கள். ஒன்பதுக்கு ஓரிரு நொடிகளில் ஆசிரியரே விடை கூறினார். மற்ற மூன்றுக்கும் முன்வரிசையினர் விடையளித்தனர்.'

அறிக்கை எழுத அமரும்போது இவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்: கற்றலுக்கு உதவிய ஒன்று, கற்றலைத் தடுத்த ஒன்று. கரும்பலகை எழுத்தின் சாய்வு போன்றவை காத்திருக்கலாம். பிறகு ஒவ்வொன்றையும் நிகழ்வு, விளைவு, அடுத்த படி என்ற வரிசையில் எழுதலாம்:

'மஞ்சள் தாள் சோதனையை விளக்கத்துக்கு முன்பே செய்து காட்டினீர்கள். பின்வரிசை மாணவர்களும் எழுந்து பார்த்தனர், இம்முறையைத் தொடருங்கள். நிறம் ஏன் மாறியது என்று கேட்டபின் நீங்களே விடை கூறிவிட்டதால், மாணவர்கள் எவ்வளவு புரிந்துகொண்டனர் என்பது உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த வகுப்பில் மூன்று வினாக்களுக்கேனும், கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். பிறகு பின்வரிசையில் ஒருவரை அழையுங்கள்.'

மூன்று நொடி என்பது மனம்போன கணக்கன்று. ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970-களில் எடுத்துக்காட்டினார்.

நடுநிலை என்பது பாராட்டையும் குறையையும் சமமாக நிறுப்பதன்று. குறையைச் சொல்வதற்காக முன்னும் பின்னும் பூசும் பாராட்டை எவரும் நம்புவதில்லை. குறையைப் போலவே பாராட்டுக்கும் குறிப்பேட்டில் சான்று இருப்பதே நடுநிலை. ஒரே வகுப்பைப் பார்த்துவிட்டு, 'நீங்கள் மாணவர்களைப் பேச விடாதவர்' என்று எழுதுவதும் தவறு. 'இந்த வகுப்பில்' என்ற எல்லையை அறிக்கை தாண்டலாகாது.

எழுதி முடித்தபின் பெயரை மறைத்துப் படித்துப் பாருங்கள். வேறொரு பயிற்சி ஆசிரியருக்கும் அது அப்படியே பொருந்துமானால், குறிப்பேட்டை மீண்டும் திறக்க வேண்டும்.