உங்களுக்குத் தெரியுமா? – தமிழுக்கு வரும் உலக பிராண்டுகள்!

உலகம் முழுக்க ஒரே லோகோ, ஒரே நிறம், ஒரே எழுத்து. பெரிய பிராண்டுகளின் பிடிவாதம் இது. தமிழுக்கு வந்ததும் அது எங்கெல்லாம் வளைகிறது, பாருங்கள்!

முதல் வளைவு கடை வாசலிலேயே! தமிழ்நாட்டில் பெயர்ப் பலகை என்றால் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3 பங்கு, பிற மொழி 2 பங்கு. எந்த ஊரில் பிறந்த கம்பெனியாக இருந்தாலும் அதன் ஆங்கிலப் பெயருக்குத் தமிழுக்குக் கீழேதான் இடம்!

'தலைப்பு முழுக்க கேப்பிடல் எழுத்தில் வர வேண்டும்.' பல பிராண்டுகளின் விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். தமிழில் 247 எழுத்து உண்டு, கேப்பிடல் ஒன்றுகூடக் கிடையாது! விவரமான டிசைனர்கள் அந்த இடத்தில் தடித்த எழுத்தைப் போட்டு அதே கம்பீரத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்!

ஒரே பெயர், இரண்டு ஸ்பெல்லிங்! நமக்கு டொராண்டோ, ஈழத் தமிழருக்கு ரொறன்ரோ. நமக்கு டாக்டர், அவர்களுக்கு டொக்டர். சென்னைக்கு எழுதிய விளம்பரத்தை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால், வெளியூர்ச் சரக்கு என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்!

இப்போது சொல்லப்போவதுதான் என் கண்டுபிடிப்புகளிலேயே பெரியது! 'பிராண்ட் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே' என்பது உலக விதி. தமிழோ வேற்றுமை உருபைச் சேர்த்த நொடியில் மாற்றிவிடும்! கூகுள், 'இல்' சேர்ந்தால் கூகுளில். கடைசி எழுத்தின் புள்ளி போயே போச்சு! ஃபேஸ்புக் இன்னும் ஒரு படி மேல். ஃபேஸ்புக்கில் என்று ஒரு 'க்' கூடிவிடுகிறது!

பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று சிலர் 'கூகுள்-இல்' எனக் கோடு போட்டு ஒட்டுவார்கள். மொழிபெயர்ப்பு வாடை அடிப்பது அங்கேதான்! கைதேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பக்கத்தில் ஒரு சாதாரணச் சொல்லை நிறுத்தி, உருபை அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். 'கூகுள் தேடலில்', 'ஃபேஸ்புக் பக்கத்தில்'. பெயரும் கலையவில்லை, தமிழும் கெடவில்லை!

வாடிக்கையாளர் பெயருக்கும் இதே கதைதான். குறுஞ்செய்தியில் பெயருக்கு ஓர் இடம் விட்டு, பின்னால் 'க்கு' என்று நிரந்தரமாக எழுதி வைத்துவிடுவார்கள். ரவி வந்தால் 'ரவிக்கு'. அருமை! முருகன் வந்தால் 'முருகன்க்கு'. மலர் வந்தால் 'மலர்க்கு'. கீதா வந்தால் 'கீதாக்கு'. முருகனுக்கு, மலருக்கு, கீதாவுக்கு என்றல்லவா வர வேண்டும்? 4 பேரில் தப்பியது 1 ஆள்!

இதற்கு மருந்து ஒரே வரி. பெயரைத் தனியே நிறுத்துங்கள். 'வணக்கம், முருகன்! உங்கள் ஆர்டர் வந்துவிட்டது.' 'முருகன்க்கு ஆர்டர் டெலிவரி செய்யப்பட்டது' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு உயிர்!

அமேசான் இந்தியாவில் தமிழ் பேச ஆரம்பித்தது 2020 செப்டம்பரில். அப்போது அவர்கள் அறிவித்த கொள்கை என்ன? கச்சிதமான மொழிபெயர்ப்பைவிட மக்கள் நாவில் புழங்கும் சொல்லுக்கே முதலிடம்! இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. கடைக்காரர் வாயில் வராத சொல்லைப் பட்டனில் எழுதினால் விரல் தயங்கத்தானே செய்யும்!

'கொ' என்ற எழுத்தைக் கவனியுங்கள். ஒரே உயிர்க்குறி, ககரத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது! தமிழைப் புரிந்துகொள்ளாத டிசைன் மென்பொருளில் அந்தக் குறி தனியே கழன்றுபோய், புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். ஆங்கில லோகோவைப் போல எழுத்துகளை அகட்டி வைத்தாலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்! அச்சுக்குப் போகும் முன் 'கொடு, கூடு, கீரை' என்று 3 சொல்லை ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்துப் பாருங்கள். கொம்பு ஒட்டியிருக்கிறதா? 'கூ'வின் வால் கீழே உள்ள 'கீ'யின் சுழியில் இடிக்கவில்லையா? அப்படியென்றால் அனுப்பலாம்!

ஒரே குடும்பமாக இருந்துகொண்டே ஊருக்கு ஊர் உள்ளூர்க்காரனாகவும் இருக்க முடியுமா? பலூ என்றோர் எழுத்துரு இருக்கிறது. மும்பையின் ஏக் டைப் உருவாக்கியது, யாருக்கும் இலவசம். எந்த மொழியிலும் அதே கொழுகொழு உடம்பு, அதே வளைவு. பெயர் மட்டும் மாறும்! மலையாளத்தில் 'பலூ சேட்டன்', குஜராத்தியில் 'பலூ பாய்', தெலுங்கில் 'பலூ தம்முடு'. தமிழில்? 'பலூ தம்பி'!