எஸ் போட்டதால் வந்த வினை

என் அக்காள் மகன் மூவாரில் சிறிய தளவாடப் பட்டறை வைத்திருக்கிறான். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் செய்து கொடுப்பான். கை வேலையில் கெட்டிக்காரன். கடிதம் எழுதுவதுதான் அவனுக்கு வேப்பங்காய். நான் முப்பது ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால், சிக்கல் வந்தால் மட்டும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். முகம் வாடியிருந்தது.

“மாமா, கடற்கரைப் பக்கம் எட்டு சாலே கட்டியிருக்கிற ஒருத்தருக்குக் கொட்டேஷன் அனுப்பினேன். என் விலை அதிகம்னு சொல்லிட்டாரு. ஆனா எனக்குத் தெரிஞ்சு என் விலைதான் குறைச்சல். நாளைக்குள்ள முடிவு பண்ணிடுவாராம்.”

கடிதத்தை வாங்கிப் படித்தேன். நான்கே வரிகள். எங்களால் 24 ஃபர்னிச்சர்ஸ் தர முடியும், மொத்த விலை 19,200 ரிங்கிட் என்பது முதல் செய்தி. உங்கள் ‘அட்வைசஸ்’ இருந்தால் சொல்லுங்கள், மேலும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ வேண்டுமானால் கேளுங்கள் என்பது கடைசி வரி.

மூன்று சொற்கள், மூன்றிலும் எஸ். வகுப்பறையாக இருந்தால் மூன்று சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்திருப்பேன். ஆனால் இங்கே மதிப்பெண் போகவில்லை, பணம் போய்க்கொண்டிருந்தது.

“இருபத்து நாலுன்னு எதைடா எண்ணின?” என்று கேட்டேன்.

“ஒரு சாலேக்கு ஒரு சாப்பாட்டு மேசை செட், ஒரு கட்டில், ஒரு அலமாரி. மூணு. எட்டு சாலேக்கு இருபத்து நாலு.”

“மேசை செட்டுல நாற்காலி எத்தனை?”

“நாலு. அது செட்டோட சேர்ந்ததுதானே மாமா?”

அவனுக்குச் சேர்ந்தது. வாங்குகிறவருக்கு அப்படித் தெரியவில்லை. அவர் மேசை ஒன்று, கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, ஆக 24 என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாற்காலிகளைக் காணோம். 32 நாற்காலிகளை வேறு இடத்தில் வாங்க வேண்டும். ஒன்று 120 ரிங்கிட் என்றாலும் 3,840 ரிங்கிட் கூடுதலாகும். அப்படிப் பார்த்தால் இவன் விலை 23,040 ரிங்கிட். இன்னொரு கடைக்காரர் நாற்காலியோடு சேர்த்து 21,000 ரிங்கிட் கேட்டிருக்கிறார். உண்மையில் 1,800 ரிங்கிட் குறைவாகக் கேட்டவன், அதிகம் கேட்டவனாகிவிட்டான்.

இது வெறும் இலக்கணப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர் என்ற சொல்லுக்கு முன்னால் எண் போட முடியாது என்பதற்கான காரணமே இந்தக் குழப்பத்தில் இருக்கிறது.

அவனுக்கு நம் தமிழிலிருந்தே சொன்னேன். “துணிமணின்னு சொல்றோம் இல்லையா? தீபாவளிக்குத் துணிமணி வாங்கினேன்னு சொல்வ. ஏழு துணிமணி வாங்கினேன்னு சொல்வியா?”

சிரித்துவிட்டான். “ஏழு சட்டைன்னு சொல்லுவேன்.”

அதேதான். நகைநட்டு என்பதும் அப்படித்தான். வீட்டில் நகைநட்டு இருக்கிறது என்போம். ஐந்து நகைநட்டு என்று சொல்ல மாட்டோம். வளையல், சங்கிலி, தோடு என்று பலவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்த பெயர் அது. மூட்டைக்குள் இருப்பவற்றை எண்ணலாம். மூட்டையின் பெயரை வைத்து எண்ண முடியாது. ஃபர்னிச்சர் என்பது ஆங்கிலக்காரர்கள் கட்டிய அப்படிப்பட்ட மூட்டை. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ண முடியாது. லக்கேஜ், எக்விப்மென்ட், ஜுவல்லரி ஆகியவையும் இதே வகைதான். பணமும் அப்படித்தான்: காசை எண்ணலாம், நோட்டை எண்ணலாம், ‘மூன்று பணம்’ என்று சொல்வதில்லை.

அப்படியானால் எண்ணியே ஆக வேண்டியபோது என்ன செய்வது? அதற்கு நம் நாட்டில் படித்த எவருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. மலாய் வகுப்பில் பென்ஜோடோ பிலாங்ஙான் படித்திருப்பீர்கள். நாற்காலிக்கு ‘புவா’, சட்டைக்கு ‘ஹெலை’, கோழிக்கு ‘எக்கோர்’ என்று எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சொல் வரும். ஆங்கிலத்தில் சாதாரணப் பெயர்களுக்கு அது தேவையில்லை. இந்த மூட்டைப் பெயர்களுக்கு மட்டும் தேவை. அந்தச் சொல்தான் ‘பீஸ்’ அல்லது ‘ஐட்டம்’. ஒரு பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர், மூன்று பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர். எஸ் வேண்டுமென்றால் பீஸோடு சேரும், ஃபர்னிச்சரோடு சேராது. பீஸ் என்று எழுதும்போதே எது ஒரு பீஸ் என்று யோசிக்க வைக்கும். என் மருமகன் அப்படி எழுத உட்கார்ந்திருந்தால் நாற்காலி தனி பீஸா, செட்டில் சேர்ந்ததா என்ற கேள்வி அவனுக்கே வந்திருக்கும்.

“சரி மாமா, நாற்காலி புரியுது. அறிவுரை? நீங்க எனக்கு எத்தனை அறிவுரை சொல்லியிருக்கீங்க! தகவலும் அப்படித்தான். தமிழ்ல அறிவுரைகள், தகவல்கள்னுதானே எழுதறோம்?”

நியாயமான கேள்வி. பள்ளியில் மாணவர்கள் கேட்டபோது ‘அது விதி, மனப்பாடம் செய்’ என்று நானே சொல்லி நழுவியிருக்கிறேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்த மூன்று சொற்களுமே பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. ஃபர்னிச்சரின் மூலச்சொல்லுக்கு ‘வேண்டியதைத் தருதல்’ என்று பொருள். இன்ஃபர்மேஷன் என்பது ‘தெரிவித்தல்’. அட்வைஸ் என்பது ‘ஒருவருக்குத் தோன்றும் கருத்து, பார்வை’. தருதலும் தெரிவித்தலும் செயலின் பெயர்கள். தமிழிலும் ‘தெரிவித்தல்’ என்பதற்குக் ‘கள்’ சேர்த்துப் பாருங்கள், வாயில் ஒட்டாது. தகவல் என்று தமிழில் சொல்லும்போது நாம் ஒரு துண்டைச் சொல்கிறோம். இன்ஃபர்மேஷன் என்னும்போது ஆங்கிலேயர் குடத்துத் தண்ணீர்போல மொத்தத்தைச் சொல்கிறார்கள். தண்ணீரில் கொஞ்சம், நிறைய உண்டு. ஒன்று, இரண்டு கிடையாது.

ஆனால் இதை உலகப் பொது நியாயம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இன்ஃபர்மேஷனுக்கு எஸ் போட்டுப் பன்மையாகத்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியூரிலிருந்து கப்பலில் வரும் செய்திகளை ‘அட்வைசஸ்’ என்று எழுதினார்கள். அதன் எச்சம் இன்றும் வங்கியில் இருக்கிறது. பணம் போட்டதும் வரும் ‘பேமெண்ட் அட்வைஸ்’ சீட்டு அறிவுரை இல்லை, அறிவிப்பு. அந்தச் சீட்டை எண்ணலாம், எஸ்ஸும் போடலாம். ஆகவே, எண்ண முடியாது என்பது பொருளின் குணம் இல்லை. அந்தச் சொல்லை அந்த மொழி எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்பதுதான்.

அதனால் யோசித்துக் கண்டுபிடிக்க முயல்வதைவிட அகராதியைப் பார்ப்பது மேல். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர், அயல்மொழிக்காரர்களுக்காக 1942இல் வெளியிட்ட அகராதியில் எண்ணக்கூடிய பெயருக்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யூ’ என்று எழுத்துகளைக் குறித்தார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக வளர்ந்தது அதுதான். இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. சில சொற்களுக்கு இரண்டு எழுத்தும் இருக்கும். அப்போது பொருள் மாறும் என்று அறிந்துகொள்ள வேண்டும்.

‘யூ’ என்று தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். முன்னால் ‘எ’, ‘ஆன்’ வராது. ‘மெனி’ வராது, ‘மச்’ வரும். ‘தீஸ்’ வராது, ‘திஸ்’ வரும். வினைச்சொல் ஒருமையில் இருக்கும். பீஸ் என்று ஒவ்வொரு முறையும் எழுதச் சலிப்பாக இருந்தால், பக்கத்திலேயே எண்ணக்கூடிய சொல் ஒன்று இருக்கும். அட்வைசுக்குப் பதில் ‘சஜெஷன்’. அதற்கு எஸ் போடலாம். இன்ஃபர்மேஷனுக்குப் பதில் ‘டீட்டெய்ல்ஸ்’.

பேசிக்கொண்டே கடிதத்தை மாற்றி எழுதினோம். 56 பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர் என்று தொடங்கி, அதன் கீழே 8 மேசை, 32 நாற்காலி, 8 கட்டில், 8 அலமாரி என்று தனித்தனி வரியாகப் போட்டோம். விலை அதே 19,200 ரிங்கிட். கடைசி வரியில் உங்கள் அட்வைஸ் தேவை, மேலும் இன்ஃபர்மேஷன் வேண்டுமானால் கேளுங்கள் என்று எஸ் இல்லாமல் முடித்தோம். அன்று மதியமே அனுப்பிவிட்டான்.

இரவு எட்டு மணிக்குப் பதில் வந்தது. நாற்காலியும் சேர்த்தா என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றான். மறுநாள் முன்பணம் வந்தது.

அடுத்த வாரம் என்னைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனான். ஆர்டர் எடுக்க வந்தவரிடம் ‘டூ காஃபீஸ்’ என்று சொல்லிவிட்டு, திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். “மாமா, காப்பி தண்ணிதானே? எஸ் போட்டுட்டேனே!”

“இங்க தப்பில்லடா” என்றேன். கடையில் காப்பி என்றால் ஒரு குவளை. குவளையை எண்ணலாம். காப்பிக்கு ‘யூ’, ‘சி’ இரண்டும் உண்டு.

பட்டறையின் பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் அந்த எஸ் இருக்கிறது. எஸ் போட்டாலும் வருகிறவர்களுக்குப் புரிகிறது, கடையும் நடக்கிறது. நம் நாட்டில் அப்படி எழுதிய பலகைகள் ஏராளம். பலகையில் யாரும் எண்ணுவதில்லை, அதனால் அங்கே நட்டமில்லை. இருந்தாலும் அவன் ஸ்டிக்கர் கடையில் விலை கேட்டிருக்கிறானாம், அந்த ஓர் எழுத்தை மறைக்க.