தேர்வுக்கு விடுப்பு வேண்டி மேற்பார்வையாளருக்கு மடல்

கல்லூரியில் பயிலும் காலத்திலேயே ஓர் அலுவலகத்தில் சில வாரங்கள் பணியாற்றிப் பழகுவதை உள்ளகப் பயிற்சி என்பர். பெரும்பாலும் இது விடுமுறையில் நடைபெறும். ஆயினும், தேர்வுகள் தள்ளிவைக்கப்படும்போது பயிற்சி நாளும் தேர்வு நாளும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும். அப்போது மேற்பார்வையாளருக்கு எழுத வேண்டிய மடல், பள்ளியில் எழுதும் விடுப்பு விண்ணப்பத்தைப் போன்றது அன்று.

பள்ளியில் ‘காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்’ என்றால் போதும். பயிற்சி மாணவரின் நிலை வேறு. அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஆதலால் ஊழியர்களுக்குரிய தற்செயல் விடுப்புக் கணக்கு பெரும்பாலும் அவருக்கு இராது. மேலும், பயிற்சி மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி, கிரெடிட் எனப்படும் மதிப்பலகு ஒன்றுக்கு 30 மணி நேரப் பயிற்சி வேண்டும். நான்கு மதிப்பலகுகள் என்றால் 120 மணி நேரம். எடுக்கும் விடுப்பு இந்தக் கணக்கில் குறையாக விழும். குறையை ஈடுசெய்யாவிடில் நிறுவனம் தரும் சான்றிதழில் முழு நேரம் இடம்பெறாது; தேர்வுக்காக எடுத்த விடுப்பே மதிப்பலகை இழக்கச் செய்துவிடக் கூடும். ஆகவே, இம்மடல் விடுப்பை மட்டும் கேட்டு நிற்பதில்லை. அதற்கு ஈடான நாள்களையும் சேர்த்தே கேட்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மைசூரில் இளங்கலை பயிலும் மாணவி ஒருவர், பெங்களூரில் உள்ள தமிழ் நாளேடு ஒன்றின் அலுவலகத்தில் பயிற்சி பெறுகிறார். பயிற்சி 2025 ஜூன் 2 திங்களன்று தொடங்கி ஜூன் 27 வெள்ளியன்று முடிய வேண்டும். வாரத்திற்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 6 மணி நேரம்; ஆக 20 நாள், 120 மணி நேரம். ஜூன் 4 அன்று அவருடைய பல்கலைக்கழகம் திருத்திய தேர்வு அட்டவணையை வெளியிடுகிறது. தேர்வுகள் மூன்று: ஜூன் 17 செவ்வாய் காலை, ஜூன் 19 வியாழன் காலை, ஜூன் 23 திங்கள் பிற்பகல்.

முதல் எண்ணம், 16 முதல் 23 வரை மொத்தமாக விடுப்புக் கேட்பதே. அவ்வாறு கேட்டால் பணிநாள்கள் ஆறு போய்விடும். 36 மணி நேரம் குறையும். ஒவ்வொரு நாளையும் தனித்தனியே பார்த்தால் கணக்கு மாறுகிறது. பெங்களூரிலிருந்து மைசூருக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தொடர்வண்டியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆகவே 16ஆம் நாள் மாலை ஐந்து மணிவரை பணியாற்றிவிட்டுப் புறப்பட இயலும். 19ஆம் நாள் தேர்வு முடிந்து மாலையில் திரும்பினால் 20 வெள்ளியன்று அலுவலகம் வரலாம். சனியும் ஞாயிறும் எப்படியும் விடுமுறையே. படிப்பதற்கும் மீண்டும் மைசூர் செல்வதற்கும் அவை போதும். எஞ்சுவன 17, 18, 19, 23 ஆகிய நான்கு நாள்கள். 24 மணி நேரம்.

இவற்றுள் 18ஆம் நாளில் தேர்வு இல்லை. அதை மறைத்து ‘17 முதல் 19 வரை தேர்வு’ என்று எழுதுவது தவறு. இணைக்கப்படும் அட்டவணையே உண்மையைக் காட்டிவிடும். ‘அடுத்த தேர்வுக்கு ஆயத்தமாக மைசூரில் தங்கும் நாள்’ என வெளிப்படையாகக் குறிப்பதே முறை. அன்று மைசூரிலிருந்தே பணி செய்து தருவதாக வாக்களிக்கவும் தேவையில்லை. தேர்வுக்கு முந்திய நாளில் அவ்வாக்கைக் காப்பது கடினம்.

மடலை எப்போது கொடுப்பது? நுழைவுச்சீட்டு வரட்டும் எனக் காத்திருப்போர் பலர். அது தேர்வுக்குச் சில நாள்கள் முன்னரே கைக்கு வரும். அதற்குள் அலுவலகம் பணிப்பங்கீட்டை முடித்திருக்கும். அட்டவணை வெளிவந்த மறுநாளே எழுதுவது நன்று. அட்டவணை மீண்டும் மாறக்கூடும் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இம்மாணவி எழுதும் மடல் பின்வருமாறு அமையும்.

அனுப்புநர்
அ. ஆ. இ.,
பயிற்சி மாணவி, ஞாயிறு இணைப்புப் பிரிவு,
பெங்களூர்.

பெறுநர்
பயிற்சி மேற்பார்வையாளர் அவர்கள்,
ஞாயிறு இணைப்புப் பிரிவு,
பெங்களூர்.

பொருள்: பல்கலைக்கழகத் தேர்வு எழுத 4 நாள் விடுப்பும், பயிற்சிக்கால நீட்டிப்பும் வேண்டுதல்.

பார்வை: 04.06.2025 அன்று வெளியான திருத்திய தேர்வு அட்டவணை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் மேற்பார்வையில் 02.06.2025 முதல் பயிற்சி பெற்று வருகிறேன். தள்ளிவைக்கப்பட்டிருந்த என் பருவத் தேர்வுகள் ஜூன் 17, 19, 23 ஆகிய நாள்களில் மைசூரில் நடைபெறவுள்ளன. எனவே ஜூன் 17, 18, 19, 23 ஆகிய நான்கு நாள்களுக்கு விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன். இவற்றுள் 18ஆம் நாள், அடுத்த தேர்வுக்கு ஆயத்தமாக மைசூரில் தங்கும் நாளாகும். ஜூன் 16, 20 ஆகிய நாள்களில் வழக்கம்போல் பணிக்கு வருவேன்.

புதன், வியாழன்களில் நான் பார்க்கும் ஞாயிறு இணைப்பின் மெய்ப்பை, அவ்வாரம் மட்டும் உடன்பயிலும் பயிற்சி மாணவர் பார்க்க இசைந்துள்ளார். அதற்கான குறிப்புகளை 16ஆம் நாளே அவரிடம் ஒப்படைப்பேன்.

விடுப்பால் குறையும் 24 மணி நேரத்தை ஈடுசெய்ய, ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை பயிற்சியைத் தொடரவும் இசைவு வேண்டுகிறேன். தேர்வு நாள்களில் மாற்றம் நேர்ந்தால் அன்றே தெரிவிப்பேன். தங்கள் முடிவை எழுத்து வடிவில் தெரிவித்தால் கல்லூரிக்கு அனுப்ப உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. ஆ. இ.

இடம்: பெங்களூர்
நாள்: 05.06.2025

இணைப்பு: தேர்வு அட்டவணையின் படி
நகல்: கல்லூரிப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

மடலில் வேண்டுகோள் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. குடும்ப நிலையோ தேர்வின் அருமையோ பேசப்படவில்லை. அட்டவணையே போதிய சான்று. மெய்ப்புப் பணியைப் பற்றிய பத்திதான் மேற்பார்வையாளர் முதலில் தேடுவது. ஞாயிறு இதழ் யாருக்காகவும் காத்திராது அல்லவா? எனினும், மற்றவர் இசைந்த பின்னரே ‘இசைந்துள்ளார்’ என்று எழுத வேண்டும். அவரைக் கேட்காமல் எழுதிவிட்டு, பிறகு அவர் மறுத்தால் மடலின் நம்பகம் கெடும்.

இறுதியில் எழுத்து வடிவிலான விடை கேட்கப்பட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. ‘சரி, போய் வாருங்கள்’ என்று வாய்மொழியாகக் கிடைக்கும் இசைவு, மாத இறுதியில் வருகைப்பதிவைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் படுவது நான்கு வெற்றுக் கட்டங்களே. மடலின் அடியிலேயே மேற்பார்வையாளர் ‘இசைவளிக்கப்படுகிறது’ என எழுதிக் கையொப்பமிட்டாலும் போதும். அதன் படியொன்றை மாணவி தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நாளும் கிடைக்காமல் போகவும் கூடும். அப்போது விட்டுக்கொடுக்கத்தக்கது 18ஆம் நாள் ஒன்றே. அன்று அலுவலகம் வருவதாயின், 17ஆம் நாள் மாலை திரும்பி, 18ஆம் நாள் மாலை மீண்டும் மைசூர் செல்ல வேண்டும், அலைச்சல் மிகுதி. ஆயினும் தேர்வு தப்பாது. ஈடு நாள்களும் மூன்றாகக் குறையும்.

பயிற்சி

ஜூன் 10 அன்று பல்கலைக்கழகம் மற்றோர் அறிவிப்பை வெளியிடுகிறது: 19ஆம் நாள் தேர்வு 20ஆம் நாள் காலைக்கு மாற்றப்படுகிறது. மாணவி பணிக்கு வரக்கூடிய நாள்கள் எவை, விடுப்பு எத்தனை நாள், பயிற்சி எந்நாளில் நிறைவுறும் என்று கணக்கிட்டு, முன்னைய மடலைப் பார்வையாகக் காட்டி மேற்பார்வையாளருக்கு எட்டு வரிகளில் மடல் எழுதுக.