மேசைக்கடியில் போன பந்து

கெட்டியான ரப்பரில் செய்த சூப்பர் பால் ஒன்றை மேசைக்கு அடியில், சாய்வாகத் தரையை நோக்கி எறிந்து பாருங்கள். தரையில் பட்டு எழும்பும், மேசைப் பலகையின் அடிப்புறத்தில் மோதும், மறுபடி தரையில் படும். அடுத்து மேசையின் அந்தப் பக்கம் வெளியே போய்விடும் என்று எதிர்பார்ப்போம். அது எறிந்தவர் கைக்கே திரும்பி வரும். 1960களின் நடுவில் அமெரிக்காவில் இந்தப் பந்து கடைக்கு வந்தது. ஹைட்ரஜன் குண்டு வடிவமைப்பில் பங்கெடுத்த இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின், 1969இல் இந்த விளையாட்டுக்குக் கணக்குப் போட்டு ஓர் ஆய்விதழில் எழுதினார். கணக்கு பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியதுதான்.

சொரசொரப்பான தரையில் பந்து படும்போது உராய்வு எவ்வளவு, எத்தனை நேரம் இழுத்தது என்று சொல்வது கடினம். மோதல் முடிய சில மில்லிவிநாடிகளே ஆகின்றன. ஆனால் அந்த விசை எவ்வளவாக இருந்தாலும் அது செயல்படும் இடம் நமக்குத் தெரியும்: பந்து தரையைத் தொடும் புள்ளி. கீலின் மேலேயே கையை வைத்து அழுத்தினால் கதவு திரும்பாது அல்லவா? அதேபோல், தொடுபுள்ளியை மையமாக வைத்துப் பார்த்தால் உராய்வுக்குத் திருப்பும் வலு இல்லை. தரை மேல்நோக்கித் தள்ளும் விசையும் அதே புள்ளி வழியாகத்தான் போகிறது. ஆகவே அந்தப் புள்ளியைப் பொறுத்த கோண உந்தம், மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றே.

கெட்டிப் பந்துக்கு இதை எளிதாக எழுதலாம். முன்னோக்கிய வேகத்தோடு, சுழற்சியால் பந்தின் ஓரம் நகரும் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டுங்கள். உருளும் திசையில் சுழன்றால் கூட்டல், எதிர்த்திசையில் சுழன்றால் கழித்தல். இந்தத் தொகை மாறாது. பந்து முன்வேகத்தை இழந்தால், இழந்ததன் இரண்டரை மடங்கு ஓர வேகமாகச் சுழற்சியில் சேரும்.

இன்னொரு செய்தியும் வேண்டும். இந்த ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு பக்கவாட்டில் முறுகி, பிறகு நிமிர்கிறது. கார்வின் கற்பனை செய்த குறையற்ற பந்தில், தரையைத் தொடும் பகுதி எந்த வேகத்தில் முன்னே போனதோ அதே வேகத்தில் பின்னே உதைத்துக் கிளம்பும்.

இப்போது பந்தைச் சுழற்சியின்றி எறிவோம். முன்வேகம் விநாடிக்கு 7 மீட்டர். தரையில் பட்டபின் தொகை 7ஆகவே இருக்க வேண்டும். அடிப்பகுதியோ 7 மீட்டர் வேகத்தில் பின்னே போக வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் விடை ஒன்றே: முன்வேகம் 3, ஓர வேகம் 10. (3 + 4 = 7; 3 − 10 = −7.) பாதிக்கும் மேல் வேகத்தை இழந்த பந்து, வெறித்தனமாகச் சுழன்றபடி மேலே போகிறது.

வேடிக்கை நடப்பது மேசைப் பலகையில்தான். இங்கே தொடுபுள்ளி பந்தின் உச்சியில் இருப்பதால் சுழற்சிப் பங்கைக் கழிக்க வேண்டும்: 3 − 4 = −1. சுழற்சியும் ஓட்டமும் சேர்ந்து உச்சியை 13 மீட்டர் வேகத்தில் முன்னே தள்ளுகின்றன. மோதியபின் அது 13 மீட்டர் வேகத்தில் பின்னே போகும். கணக்கிட்டால் பந்தின் வேகம் சுமார் −4.4 என்று வருகிறது. பந்து திசை மாறிவிட்டது! தரையில் ஏற்றிக்கொண்ட சுழற்சியே அதைத் திருப்பி உதைத்திருக்கிறது. இப்போது சுழற்சியும் தலைகீழ். ஓர வேகம் −8.6. மூன்றாவது மோதலில் அந்தச் சுழற்சியின் பெரும்பகுதி ஓட்டமாக மாற, பந்து விநாடிக்கு 6.8 மீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருகிறது. எறிந்த வேகத்தில் ஏறக்குறைய முழுவதும்.

கடையில் வாங்கிய பந்து இவ்வளவு துல்லியமாகத் திரும்பாது. ரப்பர் முறுகி நிமிரும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகும். பின்னுதை முன்வேகத்தை எட்டாது. அமுங்கிய பந்து தரையைத் தொடுவது புள்ளியில் அல்ல, சிறு வட்டப்பரப்பில். அதன் முன்பாதியில் அழுத்தம் கூடினால் தரையின் விசை சற்று விலகிச் செயல்பட்டு, கோண உந்தமும் கொஞ்சம் மாறும்.

ஈரத்தரையில் கதை வேறு. உராய்வு போதாமல் பந்து கடைசிவரை வழுக்கினால், 7 மீட்டரில் 1 மீட்டரை மட்டும் இழக்கலாம். அப்போது முன்வேகம் 6, ஓர வேகம் 2.5. மேசையைத் திருப்பி உதைக்க இந்தச் சுழற்சி போதாது. ஆனாலும் கூட்டிப் பாருங்கள், தொகை அதே 7: உராய்வு குறைந்தாலும் அது செயல்படும் இடம் மாறவில்லையே.

வழுக்கியதா, கவ்வியதா என்பதைக் கைப்பேசியே காட்டிவிடும். பந்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, மோதலை மெதுவோட்டக் காணொளியாகப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். எழும்பிய பந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் தன் சுற்றளவைவிட அதிக தூரம் முன்னே போனால், வழுக்கியிருக்கிறது. குறைவாகப் போனால், ரப்பர் கவ்வி உதைத்திருக்கிறது.