வழக்குரைக்கு எதிரே எதிருரை: பத்திவாரியாக ஓர் ஒப்பீட்டு அட்டவணை

ஓர் உரிமையியல் வழக்கில் வாதி தன் கட்சியை வழக்குரையில் பத்தி பத்தியாக எழுதித் தருகிறார். பிரதிவாதி அதற்கு எதிருரையில் பதில் சொல்கிறார். இரண்டும் ஒரே வரிசையில் செல்வது அபூர்வம். வழக்குரையின் மூன்றாம் பத்திக்கான பதில் எதிருரையின் ஆறாம் பத்தியில் பாதியும் ஒன்பதாம் பத்தியில் மீதியுமாகக் கிடக்கும். சிலவற்றுக்குப் பதிலே இருக்காது. எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எது மறுக்கப்பட்டது, எது புதிதாகச் சொல்லப்பட்டது என்பதைப் பிரித்துக் காட்டவே வழக்கறிஞர்கள் பத்திவாரி ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கிறார்கள்.

இதற்கான அடிப்படை உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-ன் கட்டளை 8-ல் இருக்கிறது. விதி 3-ன்படி பொதுப்படையான மறுப்பு போதாது. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே மறுக்க வேண்டும். விதி 4 மழுப்பலான மறுப்பைத் தடுக்கிறது. குறிப்பாகவோ, சொன்னவற்றிலிருந்து தவிர்க்கமுடியாமல் பெறப்படும் வகையிலோ மறுக்காத, ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்றும் சொல்லாத செய்தி ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது விதி 5. ஒப்புக்கொண்டதை நிரூபிக்கத் தேவையில்லை என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. பழைய சட்டத்தில் 58-வது பிரிவாக இருந்தது, 2023-ன் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 53-வது பிரிவாக இருக்கிறது.

வழக்குரையின் பத்தி எண்களை அப்படியே இறக்கி எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறித்தால் அட்டவணை பயன்படாது. ஒரே பத்தியில் நான்கைந்து செய்திகள் இருக்கும். அவற்றை முதலில் உடைக்க வேண்டும். ஒரு புரோநோட்டு வழக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். வழக்குரையின் மூன்றாம் பத்தி இப்படி இருக்கிறது: “14.6.2022 அன்று பிரதிவாதி குடும்பச் செலவுக்காக வாதியிடம் ரூ. 3,00,000 கடன் பெற்று, நூற்றுக்கு ஆண்டுக்கு 12 வட்டி தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.” இதில் பணம் பெற்றது, தொகை, தேதி, வட்டி, கையெழுத்து எனத் தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. அட்டவணையில் இவை 3அ, 3ஆ என்று தனி வரிகளாக வேண்டும். நான்காம் பத்தி, 20.2.2024 அன்று பிரதிவாதி ரூ. 5,000 கொடுத்துப் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டதாகச் சொல்கிறது. ஐந்தாம் பத்தி, வக்கீல் நோட்டீஸை அவர் பெற்றுக்கொண்டும் பதில் தரவில்லை என்கிறது. வழக்கு 4.8.2025 அன்று தாக்கலானது.

ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டங்கள் போதும்: வழக்குரைப் பத்தி, அதிலுள்ள ஒரே ஒரு செய்தி, எதிருரைப் பத்தி, அங்குள்ள வாசகம், அதன் தன்மை. வாசகத்தைச் சுருக்காமல் எழுத்துக்கு எழுத்து எடுத்தெழுதுவது அவசியம். சுருக்குகிறவர் தன்னையறியாமல் தன் கட்சிக்குச் சாதகமாகச் சுருக்கிவிடுவார்.

இந்த வழக்கின் எதிருரை, “வழக்குரையில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய்” என்று தொடங்குகிறது. அநேகமாக எல்லா எதிருரையிலும் வரும் வரி இது; இதை மட்டும் நம்பி எந்தக் கட்டத்திலும் ‘மறுப்பு’ என்று எழுதக்கூடாது. அடுத்து, “14.6.2022 அன்று ரூ. 3,00,000 கடன் பெற்றார் என்பது சரியல்ல” என்று வருகிறது. பார்வைக்குத் தெளிவான மறுப்புதான். ஆனால் அன்று பெறவில்லையா, மூன்று லட்சம் பெறவில்லையா, எதுவுமே பெறவில்லையா? ஒரு தொகை பெற்றதாகச் சொல்லப்பட்டால், அதையோ அதில் எந்தப் பகுதியையோ பெறவில்லை என்று மறுக்க வேண்டும், அல்லது எவ்வளவு பெற்றார் என்று சொல்ல வேண்டும் என்பது விதி 4. ஆகவே இந்த வரியின் தன்மை ‘மழுப்பல் மறுப்பு’. அதைத் தனி வகையாகவே குறிக்க வேண்டும். ‘மறுப்பு’ என்று போட்டுவிட்டால் விதி 4-ஐ வைத்து வாதிடும் வாய்ப்பே கண்ணில் படாமல் போகும்.

கையெழுத்தைப் பற்றி, “கையெழுத்து பிரதிவாதியுடையதுதான், வாதி நடத்திய சீட்டில் சேர்ந்தபோது நிரப்பாத புரோநோட்டில் வாங்கப்பட்டது” என்று இருக்கிறது. இந்த ஒரே வாக்கியம் இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும். முற்பாதி ஒப்புதல். பிற்பாதி புதிய வாதம். கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டதால், பிரதிபலன் பெற்றே எழுதப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-வது பிரிவு தரும் அனுமானத்தை வாதி பற்றிக்கொள்ளலாம். அதை உடைக்க வேண்டியவர் பிரதிவாதி.

நோட்டீஸ் பற்றி எதிருரையில் ஒரு சொல்கூட இல்லை. ஐந்தாம் பத்திக்கு எதிரே கட்டம் காலி. அதில் உடனே ‘ஒப்புதல்’ என்று எழுதாமல், எதிருரை முழுவதையும் இன்னொரு முறை படித்து வேறெங்காவது பதில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் ‘விதி 5-ன்படி ஒப்புதல்’ என்று குறிக்கலாம். ஆனாலும் இவ்வாறு கொள்ளப்படும் செய்தியை வேறு வகையில் நிரூபிக்கும்படி கேட்க நீதிமன்றத்துக்கு விருப்புரிமை இருக்கிறது. மேலும் விதி 5 செய்திகளுக்கு மட்டுமே பொருந்தும். “வழக்கு காலவரம்புக்குள் இருக்கிறது” போன்ற சட்ட முடிவுகளுக்குப் பதில் சொல்லாததால் அவை ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடாது.

வழக்குரைப் பக்கமிருந்து இப்படி ஒரு சுற்று முடிந்ததும் எதிருரைப் பக்கமிருந்து மறுசுற்று வரவேண்டும். அட்டவணைக்குள் வந்துவிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிருரை நகலில் கோடிட்டுக்கொண்டே போனால், கோடு விழாமல் மிஞ்சுவதில்தான் புதிய வாதங்கள் இருக்கும். விதி 2 இவற்றைத் தனியே எழுப்பியாக வேண்டும் என்கிறது: மோசடி, காலாவதி, பணம் செலுத்தியது போன்றவை. இங்கே மிஞ்சியவை இரண்டு: வழக்கு காலங்கடந்தது என்பது, 2023-ல் ரூ. 1,20,000 ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வது.

இவை சீட்டு வாதத்தோடு அட்டவணையின் கீழ்ப்பகுதியில் அமர்ந்ததும் வழக்கின் உருவம் தெரிகிறது. தீர்த்த கணக்கு எது? சீட்டுக் கணக்கு என்றால் இந்த வழக்குக்கு அது பதிலாகாது. கடன் கணக்கு என்றால் கடன் வாங்கவில்லை என்ற கட்சி ஆட்டம் காண்கிறது. மாற்று வாதங்களை எழுப்பப் பிரதிவாதிக்கு உரிமை உண்டு. ஆனாலும் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி இதுதான்.

காலவரம்பு வாதத்தை நான்காம் பத்தியின் வரியோடு இணைத்துப் பார்க்க வேண்டும். புரோநோட்டு தேதியிலிருந்து மூன்றாண்டு 14.6.2025-ல் முடிந்தது, வழக்கு அதற்குப் பின் வந்தது. காலவரையறைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, செலுத்தியவர் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட வரவு மட்டுமே புதிய மூன்றாண்டைத் தரும். அந்த வரவிலுள்ள கையெழுத்தைத் தன்னுடையதல்ல என்று பிரதிவாதி குறிப்பாக மறுத்திருக்கிறார். ஆகவே மூன்று லட்ச ரூபாய் வழக்கு, ஐயாயிரம் ரூபாய் வரவின் கையெழுத்தில் தொங்குகிறது. அதை நிரூபிக்கும் சுமை வாதியுடையது.

கட்டளை 14-ன்படி, ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்கும் முக்கியச் செய்திகளிலிருந்தே எழுவினாக்கள் பிறக்கின்றன. வாதி பதிலுரை தாக்கல் செய்யாததாலேயே புதிய வாதங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடாது. அவை எழுவினாவுக்குப் போகும். எதிர்க்கோரிக்கை மட்டும் வேறு. அதை ஒரு வழக்குரையாகவே கருதுகிறது விதி 6ஏ. அதற்கு வாதி எதிருரை தந்தாக வேண்டும், அதற்கெனத் தனி அட்டவணையும் வேண்டும். வழக்குரையோ எதிருரையோ திருத்தப்பட்டால், பழைய அட்டவணையில் ஒட்டுப்போடாமல் திருத்திய நகலை வைத்து முதலிலிருந்து மீண்டும் தயாரிக்க வேண்டும்.