‘இந்தியா’ சர்வர் எங்கே இருக்கிறது?

சென்னையில் ஒரு வீடு. 300 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு. வி.பி.என். செயலியில் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்து, உள்ளூர் தளம் ஒன்றிலிருந்து பெரிய கோப்பை இறக்கினால் வேகம் 100-ஐத் தொடவே திணறுகிறது. இணைப்பு கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன், அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. அதை ஏற்காத சில வி.பி.என். நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ் வி.பி.என். போன்றவை இந்திய முகவரியை சிங்கப்பூரிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் தருகின்றன. அப்படியானால் நம் கோப்பு சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போய், மறுபடி சென்னைக்குத் திரும்புகிறது.

தூரம் வேகத்தைக் குறைப்பது இப்படி: அனுப்பும் கணினி ஓர் அளவு தரவை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அந்த அளவு 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் வழியாகப் போய்வர 80 மில்லி விநாடி ஆனால், ஒரு விநாடிக்குப் பன்னிரண்டரை சுற்று; அதாவது 100 எம்.பி.பி.எஸ். பிரிட்டன் வழியாக 300 மில்லி விநாடி ஆனால் 27 எம்.பி.பி.எஸ்.தான். கணினிகள் இந்த அளவைக் கூட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் மறுபடி குறைத்துக்கொள்ளும். பாதை நீளமாக இருந்தால் பழைய அளவுக்கு ஏறவும் அதிக நேரம் பிடிக்கும். 600 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

குறியாக்கத்தின் மீது பழி அதிகமாகவே விழுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அது சேர்க்கும் கூடுதல் எடை நூற்றுக்கு நாலைந்து பங்குதான். இன்றைய மடிக்கணினிக்கு அந்த வேலை பெரிய சுமையல்ல. மாட்டிக்கொள்வது மலிவான ரவுட்டர். ஓப்பன் வி.பி.என். முறை பெரும்பாலும் செயலியின் ஒரே கோரில் ஓடுகிறது. ரவுட்டரின் சிறிய சிப்பில் அது 20, 30 எம்.பி.பி.எஸ்.ஸிலேயே மூச்சு வாங்கும். வி.பி.என்.னை ரவுட்டரிலிருந்து எடுத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள். வேகம் எகிறினால் குற்றவாளி ரவுட்டர்தான். அதே ரவுட்டரில் வயர்கார்டு முறைக்கு மாற வசதி இருந்தால் அதுவும் நன்றாகவே கைகொடுக்கும்.

மிச்சம் நெரிசல். 1,000 எம்.பி.பி.எஸ். இணைப்புள்ள சர்வரில் 100 பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் ஆளுக்குப் பத்துதான். ஒரே சர்வரை விடியற்காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சோதியுங்கள். வி.பி.என். இல்லாமல் இரண்டு நேரமும் வேகம் ஒன்றாக இருந்து, வி.பி.என்.னில் மட்டும் இரவில் சரிந்தால், அதே ஊரில் அந்த நிறுவனத்துக்கு இருக்கும் இன்னொரு சர்வருக்கு மாறுங்கள். இலவச சேவைகளில் பெரும்பாலும் அப்படி மாற இடமே இருக்காது.