பெயருக்கு மூன்று வரி கீழே

பால் கொள்முதல் செய்பவர் ஒருவர் எக்செலில் கணக்கு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். A பத்தியில் பால் ஊற்றுபவரின் பெயர். அதற்குக் கீழே வரிசையாகக் காலை, மாலை, மொத்தம். பக்கத்து B பத்தியில் லிட்டர் கணக்கு. ஒருவர் முடிந்ததும் அடுத்தவர். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பழக்கம் அப்படியே கணினிக்கு வந்துவிட்டது.

செல்வியின் மொத்தம் எவ்வளவு? பலருக்கும் பழகிய VLOOKUP இங்கே உதவாது. அது பெயர் இருக்கும் அதே வரியில்தான் விடை தேடும். 'மொத்தம்' என்று தேடினாலோ முதல் ஆளின் மொத்தத்தோடு நின்றுவிடும். வேண்டியது பெயருக்கு மூன்று வரி கீழே இருக்கிறது. D2-வில் பெயரை எழுதிவிட்டு இப்படிக் கேட்கலாம்:

```
=INDEX(B:B, MATCH(D2, A:A, 0) + 3)
```

செல்வியின் பெயர் 10-வது வரியில் இருந்தால் MATCH தருவது 10. மூன்றைக் கூட்டினால் 13. INDEX போய் B13-ல் உள்ள 8 லிட்டரை எடுத்து வருகிறது. நடுவில் உள்ள 0, பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்பதற்கு. அதை விட்டுவிட்டால், பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று எக்செல் எடுத்துக்கொண்டு வேறு யாருடைய கணக்கையாவது காட்டிவிடலாம்.

பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால் #N/A வரும். அது நல்ல பிழை, கண்ணில் படுகிறதே! கண்ணில் படாததுதான் ஆபத்து. ஒரு பக்கம் A2:A200 என்றும் மறுபக்கம் B:B என்றும் எழுதிவிட்டீர்கள் என்றால், MATCH இரண்டாம் வரியிலிருந்து எண்ணி 9 என்று சொல்லும். INDEX முதல் வரியிலிருந்து எண்ணி 12-வது வரிக்குப் போகும். கிடைப்பது செல்வியின் மாலைப் பால், 3.5 லிட்டர். பார்த்தால் நம்பும்படியான எண்தான். இரண்டு பத்திகளும் ஒரே வரியில் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, செல்வி மாலையில் பால் ஊற்றாததால் அந்த வரியையே யாரோ நீக்கிவிட்டார்கள். இப்போது மூன்று வரி கீழே இருப்பது அடுத்தவரின் பெயர். அதன் பக்கத்துக் கட்டம் காலி. காலிக் கட்டத்தை INDEX எடுத்துக் காட்டும்போது 0 என்றுதான் தெரியும். செல்விக்குப் பணம் இல்லை என்று ஆகிவிடும்.

இதைப் பிடிக்க எளிய வழி, பக்கத்துக் கட்டத்தில் அதே சூத்திரத்தை A பத்திக்கும் எழுதுவது:

```
=INDEX(A:A, MATCH(D2, A:A, 0) + 3)
```

இது 'மொத்தம்' என்று சொன்னால் சரியான வரியில் நிற்கிறோம். வேறு எதைச் சொன்னாலும் பணத்தைக் கொடுக்கும் முன் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு செல்வி இருந்தால் மட்டும் இந்தச் சோதனையும் கைவிட்டுவிடும். சூத்திரம் முதல் செல்வியைத்தான் காட்டும். அங்கே பெயருக்குப் பதில் உறுப்பினர் எண்ணைப் போடுங்கள்.